சுருதி இறங்கிப் பாட்டு இழுத்தால்: சாம்பிள் ரேட் பொருந்தாமையைக் கண்டுபிடித்துச் சரிசெய்ய ஒரு முழு வழிகாட்டி

ஐந்தரைக் கட்டையில் பாடும் பாடகி ஒருவரின் கச்சேரிப் பதிவு கைக்கு வருகிறது. ஓடவிட்டால் குரல் தடித்துக் கேட்கிறது. மிருதங்கச் சொற்கள் சோம்பலாக விழுகின்றன. தம்புரா நாலரைக் கட்டைக்கும் ஐந்துக்கும் நடுவில் எங்கோ நிற்கிறது. பதிவுக் கருவி பழுது என்பார் ஒருவர். இன்னொருவர் மென்பொருளில் வேகத்தை ஒன்பது சதவீதம் கூட்டிவிட்டு, இப்போது சரியாகிவிட்டது என்பார். காதுக்கு அது சரிதான். ஆனால் அதே ஒலியை 2 மணி நேரக் காணொளியோடு சேர்த்தால், மங்களம் பாடும்போது வாயசைவுக்கும் குரலுக்கும் இடையே சுமார் 10 விநாடி இடைவெளி விழுந்திருக்கும். அங்கே தேவைப்பட்டது ஒன்பது சதவீதமல்ல, 8.84 சதவீதம். அந்த எண் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துவிட்டால், வேகத்தைக் கூட்டுவதற்கே வேலையில்லை.

இந்த வழிகாட்டி முழுவதும் அந்தக் கச்சேரிக் கோப்பையே வைத்துக்கொள்கிறேன். கச்சேரி முடிந்த கையோடு கருவியின் மின்கலம் தீர்ந்து, கோப்பு சரியாக மூடப்படாமல் போய், யாரோ அதை மீட்டெடுத்துக் கொடுத்த WAV கோப்பு அது. இத்தகைய கோளாறுகளில் பெரும்பாலானவை இப்படித்தான் பிறக்கின்றன: ஒலியில் குறையில்லை, ஒலியைப் பற்றி எழுதிவைத்த குறிப்பில்தான் குறை.

எண்கள் வேறு, எண்களின் மேல் ஒட்டிய சீட்டு வேறு

எண்முறை ஒலிப்பதிவு என்பது அலையின் உயரத்தை விநாடிக்குப் பல்லாயிரம் முறை அளந்து வரிசையாக எழுதிவைத்த எண்கள். ஒவ்வொரு எண்ணும் ஒரு சாம்பிள். விநாடிக்கு எத்தனை என்பது சாம்பிள் ரேட். அந்த எண்களுக்குள் காலம் என்று எதுவும் கிடையாது. எந்த வேகத்தில் வாசிக்கவேண்டும் என்பதைக் கோப்பின் தலைப்பகுதியில் தனியாக எழுதிவைக்கிறார்கள். விநாடிக்கு 48,000 என்று அளந்த எண்களை 44,100 என்று சீட்டு ஒட்டிக் கொடுத்தால், ஒலிப்பான் கேள்வி கேட்காமல் மெதுவாக வாசிக்கும். வேகம் குறையும், கூடவே சுருதியும் அதே அளவுக்கு இறங்கும்.

இந்த இரண்டு எண்களும் அடிக்கடி மோதிக்கொள்வதற்குக் காரணம், இரண்டும் வெவ்வேறு உலகங்களிலிருந்து வந்தவை. 44,100 இசைத்தட்டு உலகத்து எண். குறுந்தகடு வருவதற்கு முன் எண்முறை ஒலியைப் பெரும்பாலும் வீடியோ நாடாவில் பதிந்தார்கள். ஒரு வரிக்கு மூன்று சாம்பிள், புலம் எனப்படும் அரைப்படம் ஒன்றுக்கு 294 வரி, விநாடிக்கு 50 புலம் என்று பெருக்கினால் 44,100 வரும். அமெரிக்க முறையில் அதே மூன்று சாம்பிளோடு 245 வரியையும் 60 புலத்தையும் பெருக்கினாலும் அதே எண்தான். இரண்டு தொலைக்காட்சி முறைக்கும் பொதுவாக வந்த அந்த எண் குறுந்தகட்டிலும் நிலைத்துவிட்டது. 48,000 திரைப்படம், காணொளி, ஒலிபரப்பு ஆகியவற்றின் எண். இன்றைய கேமராக்களும் பெரும்பாலான கைபேசிகளும் இதையே பயன்படுத்துகின்றன. பாட்டைக் காணொளியாகவும் காணொளியைப் பாட்டாகவும் மாற்றிக்கொண்டே இருக்கும் நம் காலத்தில் இரண்டும் சந்திக்காமல் இருக்க முடியாது.

கணக்கு ஒரே வரிதான்:

```
கேட்கும் வேகம் = சீட்டில் உள்ள ரேட் / பதிந்தபோது இருந்த ரேட்
```

48,000-இல் பதிந்ததை 44,100 என்று வாசித்தால் 0.91875 மடங்கு வேகம். ஒரு மணி நேரப் பதிவு 65 நிமிடம் 18 விநாடியாக இழுக்கும். சுருதி ஒன்றரை அரைச்சுரத்துக்குச் சற்றுக் குறைவாக, 1.47 அரைச்சுரம் இறங்கும். நேர்மாறாக நடந்தால் 1.0884 மடங்கு வேகம். ஒரு மணி நேரம் 55 நிமிடம் 8 விநாடியில் முடிந்துவிடும், சுருதி அதே 1.47 அரைச்சுரம் ஏறும்.

முதல் சோதனை: வேகமும் சுருதியும் சேர்ந்தே மாறியிருக்கிறதா?

வேறெதையும் தொடுவதற்கு முன் இதைப் பாருங்கள். வேகம் மட்டும் கூடி, குரல் இயல்பான சுருதியிலேயே இருந்தால் அது சாம்பிள் ரேட் கோளாறே அல்ல. ஒலிப்பானில் 1.25 மடங்கு போன்ற வேகத்தை யாரோ தேர்ந்து வைத்திருப்பார்கள். இன்றைய ஒலிப்பான்கள் வேகத்தை மாற்றினாலும் சுருதியைக் காப்பாற்றிக்கொள்ளும். சுருதி மட்டும் மாறி, நேரம் சரியாக இருந்தால் பதிவேற்றியவர் வேண்டுமென்றே மாற்றியிருக்கலாம். இரண்டும் ஒரே விகிதத்தில் மாறியிருந்தால் மட்டும் மேலே போகலாம்.

ஒலி விட்டுவிட்டு வருவது, கரகரப்பது, சொடுக்கு விழுவது எல்லாம் வேறு நோய்கள். ரேட் தவறாக வாசிக்கப்பட்ட ஒலி பெரும்பாலும் சுத்தமாகவே கேட்கும். அதனால்தான் பாடகரை முன்பின் கேட்டறியாதவர்கள் இதைக் கவனிக்காமலேயே வெளியிட்டுவிடுகிறார்கள்.

இரண்டாவது: விகிதத்தை அளவிடுங்கள்

"கொஞ்சம் மெதுவாக இருக்கிறது" என்பது நோய்க்குறி. நோயைச் சொல்வது விகிதம். அதை எடுக்க மூன்று வழிகள் உண்டு. குறைந்தது இரண்டில் ஒரே விடை வந்தால்தான் நான் நம்புவேன்.

எளியது கடிகாரம். நம் கச்சேரி மாலை 6.15-க்குத் தொடங்கி 8.15-க்கு முடிந்தது என்று அமைப்பாளர் சொல்கிறார். கோப்பு காட்டும் நீளம் 2 மணி 10 நிமிடம் 37 விநாடி. 7,837 விநாடியை 7,200-ஆல் வகுத்தால் 1.088. அமைப்பாளர் ஐந்து நிமிடம் முன்பின்னாகச் சொல்லியிருக்கலாம் என்பதால் இதை மட்டும் வைத்து முடிவு செய்யக்கூடாது. அதே நிகழ்ச்சியைக் கைபேசியில் யாராவது காணொளியாக எடுத்திருந்தால் துல்லியம் கூடும். இரண்டு பதிவிலும் கேட்கும் ஏதாவது இரண்டு ஒலிகளைத் தேர்ந்தெடுங்கள்: ஒரு கைதட்டல், அரை மணி கழித்து ஒலிவாங்கியில் ஒரு தட்டு. இரண்டுக்கும் இடைப்பட்ட நேரத்தை இரண்டு கோப்பிலும் அளந்து வகுத்தால் விகிதம் மூன்று தசமம் வரை கிடைத்துவிடும்.

அடுத்தது சுருதி. கர்நாடக இசைப் பதிவுகளுக்கு இது கைகொடுக்கும், ஏனென்றால் பின்னணியில் மின்னணுத் தம்புரா விடாமல் ஒலித்துக்கொண்டிருக்கும். ஐந்தரைக் கட்டை என்றால் ஜி ஷார்ப், அதன் ஸட்ஜம் 207.65 ஹெர்ட்ஸ். நம் கோப்பில் அது 190.8 ஹெர்ட்ஸில் இருக்கிறது. நாலரைக் கட்டைக்கு 185, ஐந்துக்கு 196. எதிலும் உட்காராமல் நட்டநடுவில் நிற்கிறது. 44,100 - 48,000 மோதலின் கைரேகையே இதுதான். பாடகர் தொண்டைக்கட்டு என்று சுருதியைக் குறைத்திருந்தால்கூட அரைக்கட்டை, ஒரு கட்டை என்று குறைத்திருப்பார். ஒன்றரை அரைச்சுரம் குறைப்பவர் இல்லை. தம்புராப் பெட்டியில் நுண்சுருதித் திருகு இருப்பதால் சில ஹெர்ட்ஸ் விலகலாம் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

மூன்றாவது வழி எனக்கு மிகவும் பிடித்தது: மின்சார முனகல். அரங்கின் ஒலிபெருக்கி இணைப்புகளில் ஓடும் மாறுமின்னோட்டம் பதிவுக்குள் மெல்லிய 'ம்ம்' ஒலியாகப் புகுந்துவிடும். ஒலிப்பொறியாளருக்கு அது எரிச்சல், நமக்கு அதுவே இசைக்கவை. இந்திய மின்தொகுப்பு 50 ஹெர்ட்ஸில் ஓடுகிறது, 49.90 முதல் 50.05 வரைக்குள் நிறுத்திவைக்க வேண்டும் என்பது விதி. எனவே முனகல் 50-இலும் அதன் மடங்குகளான 100, 150-இலும் இருக்கவேண்டும்.

ஆடாசிட்டி என்ற இலவச ஒலித்திருத்த மென்பொருளில் பாட்டு இல்லாத ஓர் இடத்தை, இரண்டு பாட்டுக்கு நடுவே பத்திருபது விநாடி, தேர்ந்தெடுத்து Analyze பட்டியில் Plot Spectrum திறங்கள். Size என்ற இடத்தில் 65536 வையுங்கள். சிறிய அளவு வைத்தால் அருகருகே உள்ள அலைவெண்கள் ஒன்றாகக் கலந்து தெரியும். இடப்பக்கம் கூர்மையாக எழும் முகட்டின் மேல் சுட்டியைக் கொண்டுபோனால் எண் தெரியும். 50 இருக்கவேண்டிய இடத்தில் 46, 100 இருக்கவேண்டிய இடத்தில் 92 என்று காட்டினால், 48,000-இல் பதிந்ததை 44,100 என்று வாசிக்கிறோம். 54, 109 என்று காட்டினால் நேர்மாறு. கருவியில் தாழ்வொலி வடிகட்டியைப் போட்டிருந்தால் 50 தெரியாமல் போகலாம். அப்போது 100-ஐயும் 150-ஐயும் தேடுங்கள்.

விகிதம் கிடைத்தவுடன் பெரும்பாலான குழப்பம் தீர்ந்துவிடும். 1.088 அல்லது 0.919 என்றால் மேலே சொன்ன இரட்டையர். சரியாக 2 அல்லது 0.5 என்றால் வேறு கதை, அதைப் பின்னால் பார்ப்போம். 1.042 அல்லது 0.96 வந்தால் சாம்பிள் ரேட்டைச் சந்தேகிக்காதீர்கள். விநாடிக்கு 24 படச்சட்டம் ஓடும் திரைப்படத்தை 25-இல் ஓட்டியிருக்கிறார்கள். ஐரோப்பிய, இந்தியத் தொலைக்காட்சி முறையில் வெளியான பழைய டிவிடிகளில் இது சகஜம். 1.001 அல்லது 0.999 வந்தால் அமெரிக்கத் தொலைக்காட்சியின் 29.97 சட்டக் கணக்கு எங்கோ நுழைந்திருக்கிறது.

மூன்றாவது: கோப்பா, கருவியா?

சீட்டு தவறாக இருப்பது ஒரு வகை. சீட்டு சரியாக இருந்தும் ஒலிக்கருவி அதை மதிக்காமல் தன் கடிகாரத்தில் ஓட்டுவது இன்னொரு வகை. இரண்டையும் பிரிக்கக் கைக்கடிகாரம் போதும்.

கோப்பில் தவறு என்றால், அது காட்டும் நீளமே தவறாக இருக்கும். கணினி, கைபேசி, கார் எதில் போட்டாலும் ஒரே மாதிரி இழுக்கும். ஒலிப்பான் ஒரு நிமிடம் என்று காட்டும்போது சுவர்க் கடிகாரத்திலும் ஒரு நிமிடமே கடந்திருக்கும். கருவியில் தவறு என்றால், கோப்பு காட்டும் நீளம் சரியாக இருக்கும். ஆனால் திரையில் ஒரு நிமிடம் ஓடி முடிய, சுவர்க் கடிகாரத்தில் 65 விநாடி பிடிக்கும். அந்தக் கணினியில் எந்தப் பாட்டைப் போட்டாலும் அப்படியே நடக்கும். காணொளிகூடச் சேர்ந்து மெதுவாகும். பெரும்பாலான ஒலிப்பான்கள் ஒலியின் ஓட்டத்தைக் கடிகாரமாக வைத்துக்கொண்டு படத்தை அதற்குப் பின்னால் இழுத்துச் செல்வதே காரணம். இதைப் பார்த்துவிட்டுக் கணினி மெதுவாகிவிட்டது என்று நினைவகம் வாங்கிப் போட்டவர்களும் உண்டு.

நம் கச்சேரிக் கோப்பு கைபேசியிலும் அதே போல இழுக்கிறது. ஆகவே தவறு கோப்பில்.

நான்காவது: தலைப்பகுதியைத் திறந்து பார்ப்பது

கோப்பு தன்னைப் பற்றி என்ன சொல்லிக்கொள்கிறது என்று கேட்க, ffmpeg என்ற இலவசக் கருவித்தொகுப்பின் இந்தக் கட்டளை:

```
ffprobe -v error -show_entries stream=codec_name,sample_rate,channels,duration -of default=nw=1 kutcheri.wav
```

நம் கோப்புக்கு வரும் விடையில் sample_rate=44100, channels=2, duration ஏறத்தாழ 7836.7 என்று இருக்கிறது. இது சீட்டு சொல்வது மட்டுமே, சாட்சியம் அல்ல. மூல உண்மையை நெருங்க வேண்டுமானால் கோப்பின் அளவைப் பாருங்கள். 138 கோடியே 24 லட்சம் பைட். இரண்டு தடம், தலா 16 பிட் என்றால் அளந்த ஒவ்வொரு கணத்துக்கும் 4 பைட். வகுத்தால் 34 கோடியே 56 லட்சம் கணங்கள். அதைக் கச்சேரி நடந்த 7,200 விநாடியால் வகுத்தால் விநாடிக்கு 48,000. ஐந்து நிமிடப் பிழை இருந்தால்கூட 46,000-க்கும் 51,000-க்கும் நடுவில்தான் விழும். அந்த இடைவெளியில் பதிவுக் கருவிகள் வழக்கமாகப் பயன்படுத்தும் ரேட் 48,000 ஒன்றே.

தலைப்பகுதியைக் கண்ணாலேயே பார்க்க விரும்பினால்:

```
xxd -l 44 kutcheri.wav
```

எளிய WAV கோப்பில், பூஜ்யத்திலிருந்து எண்ணினால், 24-ஆம் பைட்டிலிருந்து நான்கு பைட்டுகள் சாம்பிள் ரேட். சிறிய இலக்கம் முதலில் வருமாறு எழுதப்படுவதால் 44,100 என்பது `44 ac 00 00` என்றும், 48,000 என்பது `80 bb 00 00` என்றும் தெரியும். கள ஒலிப்பதிவுக் கருவிகள் எழுதும் கோப்புகளில் தேதி, கருவிப் பெயர் போன்ற தகவல்கள் முன்னால் செருகப்பட்டிருக்கலாம். அப்போது `fmt ` என்ற எழுத்துகளைத் தேடிக் கண்டுபிடித்து, அந்த எழுத்துகளின் தொடக்கத்திலிருந்து 12 பைட் தள்ளிப் பாருங்கள்.

நம் கோப்பில் இந்தத் தவறு எப்படி நுழைந்தது? மின்கலம் தீர்ந்ததால் தலைப்பகுதி முழுமையாக எழுதப்படவில்லை. சாதாரணமாகத் திறக்க முடியாததால், மீட்டவர் ஆடாசிட்டியின் Import Raw Data வழியாக வெறும் எண்களாக உள்ளே கொண்டுவந்திருக்கிறார். அந்தப் பெட்டி தடங்கள் எத்தனை, பிட் எத்தனை, ரேட் எவ்வளவு என்று கேட்கும். பிட்டிலோ பைட் வரிசையிலோ தவறு செய்தால் இரைச்சல் காதைக் கிழிக்கும், உடனே திருத்திக்கொள்வோம். ரேட்டில் தவறு செய்தால் பாட்டு கேட்கவே செய்யும். அங்கே 44100 முன்பே நிரப்பப்பட்டிருந்தது. பாட்டு வந்துவிட்ட மகிழ்ச்சியில் அவர் அதைத் தொடவில்லை. பிறகு சேமித்தபோது, தவறான எண் முறையான சீட்டாகவே மாறிவிட்டது.

நிரல் எழுதுபவர்களிடமும் இதே தவறு வேறு உருவத்தில் உண்டு. உலாவியில் குரலைப் பதிந்து WAV ஆக்கும் நிரலில் தலைப்பகுதிக்கு 44100 என்று கையால் எழுதிவிடுவார்கள். எழுதியவரின் கணினி 44,100-இல் ஓடியதால் அங்கே எல்லாம் சரியாக இருக்கும். பயனரின் கைபேசி 48,000-இல் ஓடும், அவர் குரல் தடித்துவிடும். சில பயனர்களுக்கு மட்டும் குரல் மாறுகிறது என்று புகார் வந்தால் முதலில் பார்க்கவேண்டியது இதைத்தான்:

```
const ctx = new AudioContext();
console.log(ctx.sampleRate);
```

திரையில் வரும் எண்ணையே தலைப்பகுதிக்கும் கொடுக்கவேண்டும்.

ஐந்தாவது: சீட்டை மாற்றுங்கள், எண்களைத் தொடாதீர்கள்

பெரும்பாலானோர் சறுக்கும் இடம் இது. ரேட் தவறு என்று கண்டுபிடித்துவிட்டு, "48,000-க்கு மாற்று" என்று மென்பொருளிடம் சொல்வார்கள்:

```
ffmpeg -i kutcheri.wav -ar 48000 puthiya.wav
```

இது நமக்குத் தேவையானதைச் செய்யாது. `-ar` என்பது சீட்டை நம்பி, இப்போது கேட்கும் ஒலி அப்படியே கேட்கும்படி புதிய எண்களைக் கணக்கிட்டு எழுதும். இழுக்கும் பாட்டு, இழுக்கும் பாட்டாகவே 48,000-இல் பதிவாகிவிடும். நமக்கு வேண்டியது இருக்கும் எண்களை அப்படியே விட்டு, சீட்டை மட்டும் மாற்றுவது:

```
ffmpeg -i kutcheri.wav -af asetrate=48000 -c:a pcm_s16le seer.wav
```

24 பிட் கோப்பானால் கடைசியில் pcm_s24le என்று கொடுங்கள். இந்த வழியில் ஒரு சாம்பிள்கூட மாறுவதில்லை, தரம் கடுகளவும் குறையாது.

ஆடாசிட்டியிலும் இதே இரண்டு வழிகள் அருகருகே இருந்து குழப்பும். தடத்தின் தலைப்பில் திறக்கும் பட்டியலில் Rate என்று ஒன்று உண்டு. அதில் 48000 தேர்ந்தால் சீட்டு மாறும். அலைவரைபடம் உடனே சுருங்கிக் குறுகுவதைக் கண்ணால் பார்க்கலாம். மேலே Tracks பட்டியில் உள்ள Resample எண்களை மாற்றிவிடும், வரைபடத்தின் நீளம் மாறாது. வரைபடம் சுருங்கவோ நீளவோ இல்லையென்றால் தவறான பொத்தானை அழுத்தியிருக்கிறீர்கள் என்று பொருள். Change Speed and Pitch விளைவைக் கொண்டும் 8.84 சதவீதம் கூட்டலாம்தான், ஆனால் அது புதிய எண்களைக் கணக்கிட்டு எழுதும் வேலை. சீட்டை மாற்றுவதில் முடிகிற காரியத்துக்கு அது எதற்கு?

சரி, நம் கோப்பு ஏற்கெனவே ஒருவர் கையில் போய், அவர் `-ar 48000` போட்டு, அதன் பிறகு நமக்கு வந்திருந்தால்? இதுதான் கொஞ்சம் கடினமான வடிவம். இப்போது சீட்டும் 48,000, எண்களும் உண்மையிலேயே 48,000-க்குரியவை. தலைப்பகுதியில் குற்றம் காண முடியாது, பாட்டு மட்டும் இழுக்கும். எம்பி3 கோப்புகளும் பெரும்பாலும் இந்த வகையில்தான் சேரும். எம்பி3-இல் ரேட் ஒவ்வொரு சட்டத்திலும் எழுதப்பட்டிருக்கும், அது தவறுவது அரிது. தவறு எம்பி3 ஆக்குவதற்கு முன்பே நடந்துமுடிந்திருக்கும். இங்கே விகிதத்தை அளந்துவைத்தது கைகொடுக்கிறது. 48,000-ஐ 1.088435-ஆல் பெருக்கினால் 52,245. அந்த ரேட்டில் வாசிப்பதாகப் பாவித்து, பிறகு வழக்கமான ரேட்டுக்குக் கொண்டுவர வேண்டும்:

```
ffmpeg -i thavaru.wav -af asetrate=52245,aresample=48000 seer.wav
```

இழுக்கும் கோப்பின் சீட்டு 44,100 என்றால் `asetrate=48000,aresample=44100` போதும். முழு எண்ணாக்கியதால் வரும் பிழை 2 மணி நேரத்தில் விநாடியில் நூறில் ஒரு பங்கைச் சற்றே தாண்டும், யாருக்கும் தெரியாது. இம்முறையில் எண்கள் மறுகணக்கிடப்படுகின்றன என்பதால் மூலக் கோப்பு கிடைத்தால் அதற்கே திரும்பிப் போவது மேல்.

சரியாக இரண்டு மடங்கு என்றால்

குரல் அணில் போலக் கீச்சிடுகிறது, நேரம் சரியாகப் பாதி. அல்லது பாதாளத்திலிருந்து வருவது போல இருக்கிறது, நேரம் இரட்டிப்பு. சுருதி ஒரு முழு ஸ்தாயி மாறியிருப்பதால் கட்டையின் பெயர் மாறாது. ஐந்தரை ஐந்தரையாகவே இருக்கும், மேலோ கீழோ.

இங்கே முதல் சந்தேகம் ரேட்டின் மேல் அல்ல, தடங்களின் எண்ணிக்கையின் மேல் போகவேண்டும். இரட்டைத் தட ஒலியில் இடம், வலம், இடம், வலம் என்று சாம்பிள்கள் மாறிமாறி அடுக்கப்பட்டிருக்கும். அதை ஒற்றைத் தடம் என்று வாசித்தால் வரிசை இரண்டு மடங்கு நீளமாகிவிடும், பாட்டு பாதி வேகத்தில் ஊரும். ஒற்றைத் தட ஒலியை இரட்டை என்று வாசித்தால் இரண்டு மடங்கு வேகத்தில் பறக்கும். கோப்பளவை வைத்துப் போட்ட கணக்கால் இதைப் பிடிக்க முடியாது, ஏனென்றால் 48,000-இல் இரட்டைத் தடம், 96,000-இல் ஒற்றைத் தடம் இரண்டிலும் விநாடிக்கு இத்தனை பைட் என்பது ஒன்றே. ஆடாசிட்டியில் மிக நெருங்கிப் பெரிதாக்கிப் பாருங்கள். இரட்டை ஒற்றையாக வாசிக்கப்பட்டிருந்தால், அடுத்தடுத்த புள்ளிகள் இரண்டிரண்டாகப் படி போல ஏறும், அல்லது இரண்டு அலைகளுக்கு நடுவே மாறிமாறித் தாவும். மென்மையான ஒற்றைக் கோடாக ஓடினால் தடத்தில் தவறில்லை. அப்போது 24,000 - 48,000, 22,050 - 44,100, 8,000 - 16,000 போன்ற ரேட் இணைகளைச் சந்தேகிக்கலாம். தொலைபேசி உரையாடல் பதிவுகளில் கடைசி இணை அடிக்கடி வரும்: பழைய தொலைபேசித் தரம் 8,000, புளூடூத் காதொலிப்பானின் மேம்பட்ட அழைப்புத் தரம் 16,000.

தவறு கருவியில் என்றால்

கருவிப் பக்கத்தைச் சோதிக்க ஒரு நிமிட நீளத்துக்கு 1,000 ஹெர்ட்ஸ் ஒலி ஒன்றை உருவாக்கிக்கொள்ளுங்கள்:

```
ffmpeg -f lavfi -i sine=frequency=1000:sample_rate=48000:duration=60 tone.wav
```

கணினியில் ஓடவிட்டு, சுருதி காட்டும் செயலியுள்ள கைபேசியைப் பக்கத்தில் வையுங்கள். 1,000 காட்டினால் கருவி நலம். 919 காட்டினால் கணினி 48,000 என்று அனுப்புவதைக் கருவி 44,100-இல் வாசிக்கிறது. இதே சோதனையை 44,100-இல் செய்த ஒலியைக் கொண்டும் ஒருமுறை பாருங்கள். ஒன்று சரியாகி மற்றது தவறினால், கருவி ஒரே ரேட்டில் பூட்டிக்கிடக்கிறது.

லினக்ஸில் ஒலி ஓடிக்கொண்டிருக்கும்போது இந்தக் கட்டளை கணினி தரப்பு எந்த ரேட்டைப் பேசுகிறது என்று காட்டும். அட்டை எண் கணினிக்குக் கணினி மாறும், அதை `aplay -l` சொல்லும்:

```
cat /proc/asound/card0/pcm0p/sub0/hw_params
```

விண்டோஸில் ஒலி அமைப்புகளில் கருவியின் பண்புகளுக்குள் Default Format என்ற இடத்திலும், மேக்கில் Audio MIDI Setup செயலியிலும் இதைப் பார்க்கலாம். அங்கே காட்டும் எண்ணும் கருவியின் முகப்பிலோ அதன் கட்டுப்பாட்டுச் செயலியிலோ காட்டும் எண்ணும் ஒன்றாக இருக்கவேண்டும்.

ஒன்றாக இருந்தும் 919 வந்தால் கடிகார மூலத்தைப் பாருங்கள். இரண்டு எண்முறைக் கருவிகளை ஒளியிழை அல்லது எஸ்பிடிஐஎஃப் வடத்தில் இணைத்திருந்தால், ஒன்று மற்றொன்றின் துடிப்பைப் பின்பற்றும்படி அமைத்திருப்பார்கள். கருவியில் கடிகாரம் External என்று இருந்து, மறுமுனையில் உள்ள கலவைப்பெட்டி 44,100-இல் ஓடினால், கணினி எதைச் சொன்னாலும் கருவி 44,100-இல்தான் துடிக்கும். வடத்தைப் பிடுங்கிய பின்னும் சில கருவிகளில் External அப்படியே நிற்கும். ஒரு கருவியை மட்டும் Internal ஆக்கி, மற்றதை அதைப் பின்பற்றச் செய்து, இரண்டிலும் ஒரே ரேட்டைத் தேர்ந்தால் இது தீரும். இந்த நிலையில் பதிவு செய்திருந்தால் அந்தப் பதிவுகளும் தவறான சீட்டோடுதான் பிறந்திருக்கும். 44,100 துடிப்பில் அளந்ததை மென்பொருள் 48,000 என்று எழுதியிருக்கும், ஆகவே அவை வேகமாக ஓடும். கருவியைச் சரிசெய்ததோடு நிற்காமல் அன்றைய கோப்புகளுக்கு `asetrate=44100` போட மறக்காதீர்கள்.

இது அல்லாத ஒன்று: மெல்ல விலகுவது

தொடக்கத்தில் வாயசைவு ஒட்டி, ஒரு மணி கழித்து அரை விநாடிக்கும் குறைவாக விலகினால், அதற்கு மேலே சொன்ன எதுவும் மருந்தல்ல. இரண்டு கருவிகளின் படிகக் கடிகாரங்கள் ஒன்றுக்கொன்று பத்து லட்சத்தில் சில பத்துப் பங்கு வேறுபடும். பத்து லட்சத்தில் 100 பங்கு என்றால் மணிக்கு 0.36 விநாடி. சுருதியில் அது காதுக்கு எட்டாது. கச்சேரி போன்ற நீளப் பதிவில் பாட்டுக்குப் பாட்டு வெட்டி ஒட்டினாலே போதும்.

நம் கோப்பில் asetrate போட்ட பிறகு நீளம் 2 மணி 0 நிமிடம் என்று வந்தது. முனகல் முகடு 92-இலிருந்து 100-க்கு நகர்ந்தது, தம்புரா 207 ஹெர்ட்ஸை எட்டியது. அமைப்பாளரிடமிருந்த காணொளியோடு வைத்துப் பார்க்கையில் தொடக்கமும் முடிவும் ஒட்டின, நடுவே சில சட்டங்கள் மட்டும் இடறின. அது கேமரா கோப்பை இரண்டாகப் பிரித்து எழுதிய இடம். அந்த இணைப்பை மட்டும் கையால் நகர்த்தவேண்டியிருந்தது.